நள்ளிரவு முதல் காலை எட்டு வரை: வாடிக்கையாளர் கண்ட பிழையின் தடத்தைப் பின்னோக்கிப் பிடிப்பது

2024 ஏப்ரலில், சிங்கப்பூர் தேக்கா பக்கம் இரவு பகலாகத் திறந்திருக்கும் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்குப் பார்க்கும் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். அந்தக் கடையில் ஓடுவது நாங்கள் செய்து கொடுத்த பில்லிங் மென்பொருள். காலாண்டு ஜிஎஸ்டி கணக்கை அந்த மாதக் கடைசிக்குள் அவர் தாக்கல் செய்ய வேண்டும்.

"தம்பி, உங்க சிஸ்டம் காட்டுற ஜிஎஸ்டிக்கும் நான் போட்டுப் பார்த்ததுக்கும் பதினெட்டு வெள்ளி இடிக்குது. ரவுண்டிங்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் போட்ட கணக்கு எளிமையானது. சிங்கப்பூரில் கடையில் ஒட்டியிருக்கும் விலை வரி சேர்ந்த விலை. வரி 9 விழுக்காடு என்றால் 109 வெள்ளி விற்பனைக்குள் 9 வெள்ளி வரி இருக்கும். அரிசி, பருப்பு என்று எதற்கும் இங்கே தனிச் சலுகை கிடையாது. அதனால் மூன்று மாத மொத்த விற்பனையை 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் வரி வந்துவிட வேண்டும். பில்லுக்குப் பில் அரைக் காசு கூடிக் குறைந்தாலும் ஆயிரக்கணக்கான பில்களில் அவை ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். மிஞ்சிப் போனால் ஒன்றிரண்டு வெள்ளி நிற்கும், பதினெட்டு நிற்காது.

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த ஒரு பிழையை வைத்துத்தான் நான் பாடம் எடுப்பது. வாடிக்கையாளர் கையில் போய்ச் சிக்கிய பிழையை எப்படிப் பதிவது, அது எங்கே நுழைந்தது, வழியில் எந்தக் கட்டம் அதை விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

படி 1: சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்

முதலில் ஒரே ஓர் ஏடு வேண்டும். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்தது, ஃபோனில் வந்தது, விற்பனைப் பிரிவுத் தம்பி கோப்பிக்கடையில் கேட்டுக்கொண்டு வந்தது எல்லாமே அந்தத் தாளுக்கு வந்து சேர வேண்டும்.

தொடக்கத்தில் நான்கு கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். வாடிக்கையாளர் சொன்னது அவர் வார்த்தையிலேயே. தவறு நடந்த நேரம். அது நமக்குத் தெரியவந்த நேரம். அப்போது அவரிடம் ஓடிக்கொண்டிருந்த வெர்ஷன். காரணம் என்ன என்ற கட்டத்தை இப்போது வைக்கவே வேண்டாம். வைத்தால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள், அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. அக்கா கூப்பிட்ட பிறகு பழைய செய்திகளைத் துழாவினோம். ஜனவரி 3ஆம் தேதியே வேறொரு கடைக்காரர் ஒரு பில்லைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். பில் தொகை 54.50 வெள்ளி, அதில் ஜிஎஸ்டி 4.04. "வரி ஏறிடுச்சுன்னு சொன்னாங்க, இதுல கம்மியா இருக்கே?" என்று கேட்டிருந்தார். எங்கள் உதவிப் பிரிவிலிருந்து "ரவுண்டிங் சார்" என்று பதில் போயிருக்கிறது, புகாரையும் மூடிவிட்டார்கள்.

9 விழுக்காட்டில் அந்தப் பில்லுக்கு வரி சரியாக 4.50. வித்தியாசம் 46 காசு. ஒரு பில்லின் மொத்தத்தில் ரவுண்டிங்கால் அரைக் காசுக்கு மேல் மாற வழியே இல்லை. 54.50ஐ 108ஆல் வகுத்து 8ஆல் பெருக்கியிருந்தால் 4.04 வருவது அப்போதே தெரிந்திருக்கும். ஏப்ரலில் தெரிந்தது ஜனவரி முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டியது. நடந்த நேரத்தையும் தெரியவந்த நேரத்தையும் தனித்தனியே எழுதச் சொல்வது இதற்காகத்தான். இரண்டுக்கும் இடையில் மூன்று மாதம் ஓடியிருந்தால், அந்த மூன்று மாதத்தில் நம்மிடம் யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் நம் காதில் ஏறவில்லையா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

படி 2: பிழைதானா என்று பாருங்கள்

இது சுருக்கமான வேலை. வருகிற புகார்களில் சில, பயன்படுத்தத் தெரியாமல் வந்தவை. சில, "இப்படி இருந்தால் நன்றாயிருக்கும்" என்ற விருப்பங்கள். மீதிதான் பிழை. ஒரே பிழையை ஐந்து கடைக்காரர் சொன்னால் அது ஒரு பிழை, ஐந்து புகார். பிழையை ஒருமுறை மட்டும் எண்ணி, புகார்களை அதன் கீழ் கோத்து வையுங்கள். ஜனவரிப் புகாரை அக்காவின் புகாரோடு கோத்தபோதுதான் தேடவேண்டிய இடமே எங்களுக்குப் புலப்பட்டது, அந்தப் படத்தில் இருந்த பில் ஜனவரி 1ஆம் தேதியுடையது என்பதால்.

படி 3: எப்போது தலைகாட்டுகிறது?

புதியவர்கள் பிழை என்றதும் நேரே புரோகிராம் கோடைத் திறக்கிறார்கள். நான் தரவைத் திறக்கச் சொல்வேன். அக்காவின் கடைப் பில்களில் வரியை மொத்தத்தால் வகுத்துப் பார்த்தோம். தவறான பில்கள் 163. எல்லாமே 2024 ஜனவரி 1ஆம் தேதி. நேர வரிசையில் அடுக்கினால் முதல் பில் நள்ளிரவு தாண்டியதும், கடைசிப் பில் காலை 7.58க்கு. 8 மணிக்குப் பிறகு ஒரு பில்கூடத் தவறு இல்லை.

அந்த 163 பில்களின் மொத்தம் 2,180 வெள்ளி. 9 விழுக்காட்டில் வரி 180 வெள்ளி, 8 விழுக்காட்டில் ஏறக்குறைய 161.48. வித்தியாசம் 18.52. அக்கா சொன்ன பதினெட்டு வெள்ளி இதுதான். புகாரில் வந்த எண்ணும் நாம் கண்ட காரணமும் இப்படிக் காசு சுத்தமாகப் பொருந்தும்வரை பிழையைப் பிடித்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள். பாதி பொருந்தினால் உள்ளே இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது.

எட்டு மணி நேரம் என்று கேட்டதும் சிங்கப்பூரில் மென்பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு பொறி தட்ட வேண்டும். நம் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட எட்டு மணி நேரம் முந்தியது. இங்கே ஜனவரி 1 பிறந்த அந்த நொடியில் யூடிசி கணக்கில் இன்னும் டிசம்பர் 31, மாலை 4 மணி.

பிழை மேலே வரக் காரணமாயிருந்த சூழலைத் தனியே பதிய வேண்டும் என்பது பழைய பாடம். ஐபிஎம் ஆய்வகத்தில் ராம் சில்லரகேயும் அவரோடு இருந்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் பிழைகளை வகைப்படுத்த ஒரு முறையை உருவாக்கினார்கள். அதில் பிழையின் வகைக்கு ஒரு கட்டம் என்றால், அதைக் கிளப்பிவிட்ட தூண்டுதலுக்கு இன்னொரு கட்டம். எங்கள் தாளில் அதை "எப்போது தலைகாட்டும்?" என்று எழுதி வைத்திருக்கிறோம். இந்தப் பிழைக்கு அங்கே உள்ள பதில்: வரி மாறும் நாளில், நள்ளிரவுக்கும் காலை எட்டுக்கும் இடையில் போடும் பில். பின்னால் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் விசாரிக்கும்போது கேட்கப்போவது இந்த ஒரு வரியை வைத்துத்தான்: இந்தச் சூழலை அந்தக் கட்டத்தால் உருவாக்கியிருக்க முடியுமா?

படி 4: எங்கே நுழைந்தது?

இப்போது கோடைத் திறக்கலாம். வரி விழுக்காட்டைத் தரும் பகுதி இவ்வளவுதான்:

```python
RATES = [
    (date(2024, 1, 1), Decimal("0.09")),
    (date(2023, 1, 1), Decimal("0.08")),
    (date(2007, 7, 1), Decimal("0.07")),
]

def gst_rate():
    today = date.today()
    for start, rate in RATES:
        if today >= start:
            return rate
```

`date.today()` என்பது கோட் ஓடும் சர்வரின் தேதி. கடைக்குச் சேவை தரும் எங்கள் சர்வர் யூடிசியில் ஓடுகிறது. பில்லில் அச்சாகும் நேரத்தைக் கடையில் இருக்கும் கருவி தருகிறது, அது சிங்கப்பூர் நேரம். அதனால்தான் "1 ஜனவரி 2024" என்று தெளிவாக அச்சிட்ட பில்லில் பழைய வரி உட்கார்ந்திருந்தது.

அடுத்து, `date.today()` உள்ள இந்தக் கோட் வரி எப்போது உள்ளே வந்தது என்று பார்க்க வேண்டும்.

```
git log --reverse -S "date.today()" -- billing/tax.py
```

`git blame` போதாதா என்று கேட்பார்கள். அது ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவரைக் காட்டும். இடையில் யாராவது இடைவெளிகளைச் சீராக்கியிருந்தால் பழி அவர் தலையில் விழும். மேலே உள்ள கட்டளை அந்தச் சொற்கள் கோப்பில் எப்போது சேர்ந்தன, எப்போது நீங்கின என்பதைக் காட்டும்.

எங்களுக்கு வந்த பதில் அறையில் எல்லோரையும் நிமிர வைத்தது. அந்தக் கோட் வரி 2023 டிசம்பரில் வரவில்லை. 2022 நவம்பரில், வரி 7இலிருந்து 8க்கு ஏறப்போகும் சமயத்தில் எழுதியது. 2023 டிசம்பரில் நடந்ததெல்லாம் அட்டவணையின் தலையில் ஒரு கோட் வரியைச் சேர்த்ததுதான்.

ஆக, பிழை நுழைந்தது ஒரு ரிலீஸில், வாடிக்கையாளர் கண்டது ஓராண்டுக்குப் பின் வந்த இன்னொரு ரிலீஸில். இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் 2023 டிசம்பர் குழுவைப் பிடித்துத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

படி 5: ஒவ்வொரு கட்டத்தையும் விசாரியுங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பிழை நுழைந்த இடத்திலிருந்து வாடிக்கையாளர் வரை வழியில் இருந்த கட்டங்களை வரிசையாக எழுதுங்கள். எங்களுக்கு அவை: தேவைக் குறிப்பு, யூனிட் டெஸ்ட், கோட் ரிவ்யூ, சிஸ்டம் டெஸ்ட், கடைக்காரர் சரிபார்ப்பு, ரிலீஸுக்குப் பிந்தைய கண்காணிப்பு. பல இடங்களில் இதில் ஏதாவது ஒன்றைச் சுட்டி, "இங்கே தவறவிட்டோம்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தச் சுட்டுவிரல் சிஸ்டம் டெஸ்ட் பக்கமே திரும்பும், கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்தானே.

நாங்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்றில் ஒரு முத்திரை குத்துகிறோம். பிழையைப் பார்க்கத் தேவையானது கையில் இருந்தும் பார்க்கவில்லை என்றால் "தவறவிட்டது". தேவையானது கையிலேயே இல்லை என்றால் "பார்க்க வழியில்லை". அந்த வகைப் பிழையைத் தேடுவது அந்தக் கட்டத்தின் வேலையே இல்லை என்றால் "பொறுப்பில்லை". முதல் இரண்டையும் பிரிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. தவறவிட்ட கட்டத்தில் வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும். பார்க்க வழியில்லாத கட்டத்துக்குக் கண்ணைக் கொடுக்க வேண்டும், அங்கே இருப்பவர்களிடம் இன்னும் உற்றுப் பார் என்றால் ஒன்றும் நடக்காது.

தேவைக் குறிப்பில் இருந்தே சண்டை தொடங்கியது. "1 ஜனவரி 2024 முதல் 9 விழுக்காடு" என்று அதில் இருந்தது. சிங்கப்பூர் நேரம் என்று எழுதாதது குறைதானே என்றார் ஒரு புரோகிராமர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே நேர மண்டலம் உள்ள நாட்டில், அந்த நாட்டின் வரியைப் பற்றி எழுதும்போது ஜனவரி 1 என்றால் ஒரே அர்த்தம்தான். வாசிக்கும் எவருக்கும் குழப்பம் வராத இடத்தில் குறிப்பின் மேல் பழி போட்டால், நாளைக்கு அது நாற்பது பக்கமாக வீங்கும், ஒருவரும் படிக்க மாட்டார்கள். பொறுப்பில்லை.

யூனிட் டெஸ்டில் "இன்றைய தேதி" என்ற இடத்தில் 2024 ஜனவரி 1 என்று கையால் ஊட்டி, 9 விழுக்காடு வருகிறதா என்று பார்த்திருந்தார்கள். வந்தது. ஆனால் பிழை இருந்ததே "இன்றைக்கு என்ன தேதி" என்று கேட்கும் இடத்தில். அந்தக் கேள்வியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சோதித்திருக்கிறார்கள். பார்க்க வழியில்லை.

சிஸ்டம் டெஸ்ட் என் பிரிவு. டிசம்பரில் நானே சோதனை இயந்திரத்தின் கடிகாரத்தை 31ஆம் தேதி இரவு 11.55க்கு வைத்துவிட்டுக் காத்திருந்து, 12 அடித்ததும் பில் போட்டேன். புதிய வரி சரியாக வந்தது. அந்த இயந்திரம் அலுவலகத்தில் இருக்கிறது, சிங்கப்பூர் நேரத்தில் ஓடுகிறது. கடைகளுக்கான சர்வரோ யூடிசி. எனவே பார்க்க வழியில்லை என்று நானே முத்திரை குத்திக்கொள்வது எனக்கு மிகவும் சௌகரியமான முடிவு, அதனாலேயே அதை நான் நம்பவில்லை. இயந்திரத்தின் நேர மண்டலத்தை மட்டும் யூடிசிக்கு மாற்றினேன். சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடம் ஆகும் நேரத்தில் அதே சோதனையை ஓட்டினேன். உடனே பழைய வரி வந்து விழுந்தது. சோதனை சரி, நின்று பார்த்த இடம் தவறு. இப்படி ஓட்டிப் பார்த்த ஆதாரம் இல்லாமல் யாரும் "பார்க்க வழியில்லை" என்று எழுதக்கூடாது என்பது அதன் பிறகு எங்கள் விதி. இல்லாவிட்டால் அது நல்லதொரு ஒளிவிடமாகிவிடும்.

கோட் ரிவ்யூவை இரண்டு முறை விசாரிக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் ரிவ்யூ செய்தவர் முன் வந்தது அட்டவணையில் சேர்த்த ஒரே ஒரு வரி. `date.today()` அவர் திரையிலேயே இல்லை, எனவே வழியில்லை. 2022 நவம்பரில் அந்த வரி முழுசாக முன்னால் நின்றது. சர்வர் யூடிசியில் ஓடுவது அன்றைக்கு ரிவ்யூ செய்தவருக்குத் தெரியுமா? தெரியும் என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தது. சில வாரங்களுக்கு முன் தினசரி விற்பனை அறிக்கையில் யூடிசியிலிருந்து சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றும் கோடை எழுதியவரே அவர்தான். தவறவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விடை தெரிந்த பிறகு எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருந்ததுபோலத்தான் தோன்றும். "அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், அன்றைய தேதியில் இருந்த ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைக்காரர் சரிபார்ப்பில் பில்லின் வடிவத்தைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தோம். பொறுப்பில்லை. ரிலீஸுக்குப் பிந்தைய கண்காணிப்பு கொஞ்சம் கூச்சப்பட வைக்கும் கதை. ஜனவரி 1 பொது விடுமுறை. காலை 9 மணிக்கு ஒருவர் வீட்டிலிருந்து திரையைத் திறந்து, கடைசியாகப் போட்ட சில பில்களைப் பார்த்து, 9 விழுக்காடு வருகிறது என்று குழுவில் கட்டைவிரல் படம் போட்டிருக்கிறார். அன்றைய எல்லாப் பில்களும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தவறவிட்டது. ஜனவரி 3இல் புகாரை மூடிய உதவிப் பிரிவுக்கும் அதே முத்திரை.

இப்போது "எந்தக் கட்டம் விட்டது" என்ற தலைப்பின் கீழ் ஒரே பதில் எழுத வேண்டுமென்றால், வழியில் முதலில் தவறவிட்ட கட்டத்தை எழுதுங்கள். எங்களுக்கு அது 2022 கோட் ரிவ்யூ. சிஸ்டம் டெஸ்டுக்கும் யூனிட் டெஸ்டுக்கும் குத்திய முத்திரைகள் பக்கத்துக் கட்டங்களில் அப்படியே இருக்கட்டும், அடுத்த படிக்கு அவையும் வேண்டும்.

படி 6: மாற்றுங்கள், பிறகு பழைய பிழையைத் திரும்ப உள்ளே விடுங்கள்

"இனி ரிவ்யூவில் கூடுதல் கவனம் செலுத்தப்படும்" என்று நடவடிக்கைக் கட்டத்தில் எழுதினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அதைச் செய்தார்களா இல்லையா என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

முதலில் கோடைத் திருத்தினோம். சர்வரின் தேதியைக் கேட்பதை விட்டுவிட்டு, பில் போட்ட நேரத்தை வாங்கி, சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றித் தேதியை எடுக்கும்படி செய்தோம். யூனிட் டெஸ்ட் இப்படி மாறியது:

```python
def test_singapore_midnight():
    sold_at = datetime(2023, 12, 31, 16, 0, tzinfo=timezone.utc)
    assert gst_rate(sold_at) == Decimal("0.09")
```

யூடிசி மாலை 4 மணி, அதாவது இங்கே சரியாக நள்ளிரவு. 15 மணி 59 நிமிடத்துக்கு 8 விழுக்காடு வர வேண்டும் என்று இன்னொரு டெஸ்டும் சேர்த்தோம். எல்லையின் இரண்டு பக்கமும் சோதிக்காவிட்டால், எப்போதும் 9ஐத் திருப்பித் தரும் கோடும் தேறிவிடும்.

கோட் ரிவ்யூவுக்கு மனிதக் கண்ணை நம்பாமல், பில்லிங் கோப்புகளில் `date.today()` இருந்தால் கோடை உள்ளே சேர்க்க மறுக்கும் தானியங்கிச் சோதனை வைத்தோம். வைப்பதற்கு முன் அந்தச் சொல் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினால் இன்னும் மூன்று இடங்கள் அகப்பட்டன. அதில் ஒன்று உறுப்பினர் புள்ளிகள் காலாவதியாகும் இடம். புள்ளிகள் எட்டு மணி நேரம் தாமதமாகக் காலாவதியாகிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளருக்கு லாபமான பிழையை யார் புகார் செய்யப் போகிறார்கள்?

சோதனை இயந்திரத்தை யூடிசிக்கு மாற்றினோம். வரி மாறும் நாளில் கடைசிச் சில பில்களை மட்டும் பார்க்காமல், அன்றைய தேதியிட்ட பில்களில் புதிய விழுக்காடு இல்லாதவை எத்தனை என்று எண்ணும் ஒரு வினவலை எழுதி வைத்தோம். விடை பூச்சியமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உதவிப் பிரிவில் "ரவுண்டிங்" என்று மூடுவதற்கு முன் வித்தியாசத்தைக் காசில் எழுத வேண்டும் என்று ஒரு கட்டம் சேர்த்தோம்.

இதோடு நிறுத்தாதீர்கள். தனிக் கிளையில் பழைய, பிழையான கோடைத் திரும்ப வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் ஓட்டிப் பாருங்கள். எங்கள் தானியங்கிச் சோதனை முதல் முறை சத்தமே போடவில்லை. கோப்புப் பாதையைத் தவறாகக் கொடுத்திருந்தோம், அது காலியான ஓர் அடைவைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தது. பழைய பிழையைத் திரும்ப விட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால், தாளில் "முடிந்தது" என்று எழுதி நிம்மதியாக இருந்திருப்போம்.

எல்லாக் கட்டமும் குருடாக இருந்தால்

சில பிழைகளில் முத்திரை வரிசையில் தேவைக் குறிப்புக்குக் கீழே முழுவதும் "பார்க்க வழியில்லை" என்று வரும். அதே ஜனவரியில் எங்களிடம் வந்த இன்னொன்று அப்படி. ஒரு மொத்த வியாபாரி டிசம்பரில் ஒரு உணவகத்துக்கு விற்ற சரக்கில் 300 வெள்ளிச் சரக்கு ஜனவரியில் திரும்பி வந்தது. மொத்த வியாபாரத்தில் வரியைத் தனியாகச் சேர்த்து எழுதுவார்கள். விற்றபோது 8 விழுக்காடு, அதாவது 24 வெள்ளி. திருப்பும்போதும் அதே 24தான் திரும்ப வேண்டும், ஏனென்றால் அது பழைய விற்பனையின் மறுபக்கம். எங்கள் மென்பொருள் புதிய விழுக்காட்டில் 27 வெள்ளி போட்டு வரவுக் குறிப்பு அச்சிட்டது.

தேவைக் குறிப்பில் சரக்கு திரும்புவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதைப் பார்த்துத்தான் கோட் எழுதினார்கள், அதைப் பார்த்துத்தான் சோதனையும் எழுதினோம். ஆறு கட்டங்கள் இருந்தும் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். இங்கே குறிப்பைத் தயாரித்தபோது ஒரு கணக்காளரை அருகில் உட்கார வைக்காததுதான் ஓட்டை. முத்திரை வரிசையில் எல்லாம் குருடு என்று வந்தால் கீழே தேடாதீர்கள், வரிசையின் தலைக்குப் போங்கள். அங்கே தேவைக் குறிப்புக்கு விழுந்த முத்திரை "தவறவிட்டது".

எண்களைப் பற்றி

மாதத்துக்கு ஒருமுறை தாளை எடுத்து, எந்தக் கட்டத்தில் எந்த முத்திரை குவிகிறது என்று பாருங்கள். சிறிய குழுவில் மாதம் நான்கைந்து பிழை தப்பும். அதை வைத்து விழுக்காடு போட்டு வரைபடம் வரைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கில் ஒன்று குறைந்தால் 25 விழுக்காடு முன்னேற்றம் என்று காட்டலாம், அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை.

மேலாளர்கள் கேட்கும் ஓர் எண் உண்டு. ரிலீஸுக்கு முன் நாம் பிடித்த பிழைகளை, மொத்தப் பிழைகளால் வகுப்பது. முன்னே 46, பின்னே வாடிக்கையாளர் கண்டது 4 என்றால் 92 விழுக்காடு. வழக்கமாக ரிலீஸுக்குப் பின் 90 நாள் வரை எண்ணுவார்கள். கொடுங்கள், தப்பில்லை. ஆனால் எங்கள் பிழை நுழைந்து ஓராண்டுக்கு மேல் கழித்துத்தான் கண்ணில் பட்டது. 2022 நவம்பர் ரிலீஸின் எண் அதுவரை பளிச்சென்று இருந்தது. பழைய ரிலீஸில் நுழைந்த பிழை புதிதாகத் தெரியவந்தால், பழைய ரிலீஸின் கணக்கைத் திறந்து அதில் சேர்க்க வேண்டும்.

தாளில் ஆளின் பெயருக்கு இடம் வேண்டாம், வேலைக் கட்டத்தின் பெயர் போதும். பெயர் எழுதத் தொடங்கிய மாதத்திலிருந்து எல்லா முத்திரைகளும் "பார்க்க வழியில்லை" என்று மாறிவிடும். ஆண்டு மதிப்பீட்டில் இந்தத் தாளைச் சேர்க்கப் போவதாக மேலிடத்திலிருந்து பேச்சு வந்தால், என்னைப் பொறுத்தவரை தாளையே நிறுத்திவிடலாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பிழை 2022 நவம்பரில் நுழைந்தது என்றால், 2023 ஜனவரி 1 நள்ளிரவு முதல் காலை எட்டு வரையும் இதே கூத்து நடந்திருக்க வேண்டும். தேக்கா அக்காவின் கடை அப்போது எங்களிடம் இல்லை. பழைய பில்களைத் திறந்து பார்த்தோம். அன்று இரவு கடை திறந்திருந்த இரண்டு பேரின் பில்களில் 8க்குப் பதில் 7 விழுக்காடு. இருவரையும் கூப்பிட்டுச் சொன்னோம். ஒருவர் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார், வித்தியாசம் அவர் கண்ணிலும் அப்போதே பட்டிருக்கிறது. பக்கத்தில் பென்சிலால் "சிஸ்டம் ரவுண்டிங்" என்று எழுதி வைத்திருந்தார்.